செட்டிங் கற்றுத் தாருங்கள், சார்

சி.என்.சி. லேத்தில் ஆபரேட்டராக இருக்கும் தொழிலாளி, வி.எம்.சி. மெஷினில் செட்டிங் பழக அனுமதி கேட்டுத் தன் சூப்பர்வைசருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கோவையில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் மெஷின் ஷாப்களில் இந்தக் கோரிக்கை பெரும்பாலும் வாய்மொழியாகவே கேட்கப்படுகிறது. டீ குடிக்கும் நேரத்தில், "சார், என்னையும் அந்த மெஷினுக்குப் போடுங்க" என்பார் தொழிலாளி. "பார்க்கலாம்ப்பா" என்பார் சூப்பர்வைசர். பேச்சு அதோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தால் அப்படி முடிக்க முடியாது. அதைப் படித்த பிறகு ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கேட்பவரின் நிலை. லேத்தில் ஜாப் சுழலும், டூல் இரண்டு திசைகளில் நகரும். செட்டர் வந்து டூல்களைப் பொருத்தி, முதல் பீஸை எடுத்து, குவாலிட்டியில் ஓகே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு ஆபரேட்டருக்கு உள்ள வேலை சக்கில் ஜாப்பைப் பிடிப்பது, கதவைச் சாத்துவது, சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்துவது, முடிந்த பீஸை எடுத்து அளப்பது. ஒரு பீஸுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு ஷிப்டில் இருநூறு தடவைக்கு மேல் இதே வேலை. கொஞ்சம் கவனமானவர் இன்செர்ட் தேய்வதைக் கண்டுபிடித்து, வேர் ஆஃப்செட்டில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் திருத்தக் கற்றுக்கொள்வார். இங்கே ஒரு சென்ட் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் தானாக எதுவும் வந்து சேராது. மூன்று வருட ஆபரேட்டரையும் எட்டு வருட ஆபரேட்டரையும் அருகருகே நிறுத்தினால், கையில் இருக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டர்னர் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் இதே கதிதான்.

வி.எம்.சி. வேறு மாதிரி. அதில் ஜாப் மேஜையில் பூட்டப்பட்டிருக்கும், டூல் சுழலும். நகர்வு மூன்று திசைகளில் இருக்கும். ஒரே செட்டிங்கில் பத்துப் பதினைந்து டூல்கள் மாறி மாறி வரலாம். ஒவ்வொரு டூலின் நீளமும் மெஷினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜாப்பின் ஜீரோ எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் டூல் ஜாப்பிலோ வைஸிலோ போய் இடிக்கும். சூப்பர்வைசரின் தயக்கம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எழுதுபவர் இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதினால் கடிதம் வீண்.

சூப்பர்வைசர் அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது அவருக்குள் மூன்று கணக்குகள் ஓடும். இவர் அங்கே போனால் இவருடைய லேத்தை யார் ஓட்டுவது? பயிற்சி நடக்கும் நேரத்தில் வி.எம்.சி. நின்றால் இந்த வார டிஸ்பாட்ச் என்ன ஆகும்? பழகுகிறவர் கையில் மெஷின் அடித்துவிட்டால் மேலே யார் பதில் சொல்வது? வழக்கமாக எழுதப்படும் கடிதங்களில் இவற்றில் ஒன்றுக்குக்கூட விடை இருக்காது. 'பல வருடங்களாக நேர்மையாக உழைத்து வருகிறேன், குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு ஆவன செய்யுமாறு' என்று அவை போகும். அது சம்பள உயர்வுக்கு எழுதும் நடை. பயிற்சி கேட்கும் இடத்தில் அதே நடையில் எழுதினால், சூப்பர்வைசருக்குச் சம்பளக் கோரிக்கையாகத்தான் தெரியும். தன் அதிகாரத்தில் இல்லாத விஷயம் என்று அதை எச்.ஆர். பக்கம் தள்ளிவிடுவார்.

வேலைக்கு ஆகும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அனுப்புநர்: (பெயர், டோக்கன் எண்), சி.என்.சி. ஆபரேட்டர், டர்னிங் பிரிவு.
பெறுநர்: ஷிப்ட் சூப்பர்வைசர் அவர்கள், மெஷின் ஷாப்.
பொருள்: வி.எம்.சி. 2-ல் செட்டிங் பயிற்சி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

நான் மூன்று வருடமாக டர்னிங் பிரிவில் 4-ஆம் நம்பர் மெஷினில் வேலை செய்கிறேன். மோட்டார் ஷாஃப்ட்டின் இரண்டு ஆபரேஷன்களும் ஓட்டுகிறேன். இன்செர்ட் மாற்றுவது, வேர் ஆஃப்செட் போடுவது, சாஃப்ட் ஜா போரிங் செய்வது மூன்றும் யாரையும் கூப்பிடாமல் செய்கிறேன். மைக்ரோமீட்டரும் போர் டயலும் பார்க்கத் தெரியும். வி.எம்.சி.யில் டூல் நீளம் எடுக்கவும் ஜாப் ஜீரோ எடுக்கவும் தெரியாது. புரோகிராம் படித்தால் பாதி புரிகிறது.

வி.எம்.சி. 2-ல் பேரிங் பிராக்கெட் செட்டிங் பெரும்பாலும் இரண்டாம் ஷிப்டில்தான் மாறுகிறது. செட்டிங் மாறும் வாரம் மட்டும் என்னை இரண்டாம் ஷிப்டுக்குப் போட்டு, செட்டிங் நடக்கும் நேரம் செட்டர் அண்ணனோடு நிற்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரம் என் மெஷினை இப்போது எனக்கு உதவியாக இருக்கும் தம்பி பார்த்துக்கொள்வார். இன்செர்ட் மாற்றவும் அளவு பார்க்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தாங்கள் ஒரு நாள் அவர் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதல் செட்டிங்கில் நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன். இரண்டாவதில் செட்டர் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். மூன்றாவதை நான் செய்ய அவர் கூட நிற்கட்டும். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்த மாட்டேன். மூன்றாவது செட்டிங்கின் முதல் பீஸ் குவாலிட்டியில் ஓகே ஆகவில்லை என்றால் நான் மறுபடியும் என் மெஷினுக்கே போய்விடுகிறேன்.

போர்டில் உள்ள ஸ்கில் மேட்ரிக்ஸில் வி.எம்.சி. 2-க்கு முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் லீவில் இருக்கும்போது நானும் உதவ முடியும் என்பதால் இதைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

இதில் முதல் பத்தியின் கடைசி இரண்டு வரிகள்தான் கடிதத்துக்கே பலம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுபவரை நம்பி மெஷினில் நிறுத்தலாம். 'எல்லா மெஷினும் தெரியும், வி.எம்.சி.யும் கொஞ்சம் பழக்கம்' என்று எழுதுபவரை நிறுத்த முடியாது. மெஷினை அடிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் 'கொஞ்சம் பழக்கம்' உள்ளவர்கள்தான். அதே பத்தியில் சொல்லியிருக்கும் சாஃப்ட் ஜா போரிங்கும் சாதாரண விஷயமில்லை. ஜாப்பின் அளவுக்கு ஏற்ப சக்கின் தாடைகளையே கடைந்து பொருத்தும் வேலை அது. அதைத் தனியாகச் செய்பவர் செட்டிங்கில் பாதி தூரம் வந்துவிட்டார் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும்.

இரண்டாவது பத்தியில் நேரத்தைக் கேட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். 'ஷிப்ட் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் சும்மாவே நிற்கிறேன், ஓ.டி. வேண்டாம்' என்றுதான் பலரும் எழுதுவார்கள். பணிவாகத் தோன்றினாலும் அது சூப்பர்வைசரைச் சிக்கலில் மாட்டிவிடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்கு ஊதியம் என்று வைத்தது. பதிவேட்டில் வெளியே போய்விட்ட ஆள் மெஷின் அருகில் நின்று கையில் அடிபட்டால், அனுமதித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஷிப்டுக்குள்ளேயே கேட்பதுதான் இருவருக்கும் நல்லது. தன் இடத்தில் நிற்க ஒருவரைத் தயார் செய்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. சூப்பர்வைசரின் முதல் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

சட்டத்தைக் காட்டி இந்தப் பயிற்சியைக் கேட்க வழியில்லை. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 111-ஏ பிரிவு தொழிலாளிக்குப் பயிற்சி பெறும் உரிமையைத் தந்தது உண்மை. ஆனால் அது உடல்நலம், பாதுகாப்பு பற்றிய பயிற்சி. அடுத்த மெஷினுக்கு ஏற்றிவிடு என்று அதை வைத்துக் கேட்க முடியாது. ஸ்கில் மேட்ரிக்ஸைக் காட்டித்தான் கேட்க முடியும். ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்று வைத்திருக்கும் நிறுவனம், வேலை செய்பவரின் தகுதியை நிர்ணயித்து, அதற்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 7.2 பிரிவு. அதற்காகத்தான் பல ஷாப்களில் சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. பக்கவாட்டில் பெயர்கள், மேலே மெஷின்கள், கட்டத்துக்குள் நான்காகப் பிரித்த வட்டங்கள். கால் வட்டம் கறுத்திருந்தால் பழகுகிறார், அரை வட்டம் என்றால் ஒருவர் பார்வையில் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லித் தருவார். ஒரு மெஷினுக்கு நேராக ஒரே ஒரு முழு வட்டம் இருந்தால், அது ஆடிட்டரும் விரலை வைத்துக் கேட்கக்கூடிய இடம். கடிதத்தின் கடைசிப் பத்தி அந்தக் கட்டத்தைத்தான் சுட்டுகிறது.

அனுமதி கிடைத்த பிறகு கற்க வேண்டியது என்ன, சூப்பர்வைசர் பயப்படுவது எதற்கு என்பதை நான்கு வரி புரோகிராமிலேயே பார்த்துவிடலாம்.

```
T03 M06
G90 G54 G00 X0 Y0
S1200 M03
G43 H02 Z50.0
```

முதல் வரி மூன்றாம் நம்பர் டூலை ஸ்பிண்டிலுக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது வரி, G54-ல் பதிந்து வைத்த ஜாப் ஜீரோவுக்கு வேகமாகப் போகச் சொல்கிறது. மூன்றாவது ஸ்பிண்டிலைச் சுழற்றுகிறது. நான்காவது வரி டூலின் நீளத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஜாப்புக்கு 50 மில்லிமீட்டர் மேலே வந்து நிற்கச் சொல்கிறது. தவறும் அந்த வரியில்தான் இருக்கிறது. வந்திருப்பது மூன்றாம் டூல், எடுத்துக்கொண்ட நீளமோ H02, அதாவது இரண்டாம் டூலுடையது. அருகிலிருந்த புரோகிராமை நகல் எடுத்து மாற்றும்போது இப்படி ஒரு எண் விட்டுப்போவது சகஜம்.

இரண்டாம் டூலின் நீளம் 118 மில்லிமீட்டர், மூன்றாம் டூலான டிரில்லின் நீளம் 162 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 44. மெஷின் 118 என்றே நம்பிக்கொண்டு இறங்குவதால், டிரில்லின் முனை 50 மில்லிமீட்டருக்குப் பதில் ஜாப்புக்கு 6 மில்லிமீட்டர் மேலேதான் நிற்கும். அதுவரை ஒன்றும் ஆகாது. அடுத்த வரி Z5-க்கு ரேப்பிடில் இறங்கச் சொன்னால், முனை ஜாப்புக்குள் 39 மில்லிமீட்டர் ஆழத்துக்கு முழு வேகத்தில் பாயப் பார்க்கும். டிரில் உடைந்தால் அன்று நல்ல நாள். ஸ்பிண்டில் பேரிங் அடி வாங்கினால் மெஷின் நாள்கணக்கில் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில், ரேப்பிடைக் குறைத்து வைத்து ஓட்ட வேண்டும். சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரி முடிந்ததும் மெஷின் நின்றுவிடும். நான்காவது வரி முடிந்து நிற்கும்போது திரையில் Z50 என்று இருக்கும். டிரில்லின் முனைக்கும் ஜாப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்தாலே 50 மில்லிமீட்டரா, விரல் நுழையாத அளவா என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு ஒரு ஆறு அங்குல ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். திரையை மட்டும் பார்ப்பவர் அடுத்த வரியை அழுத்துவார். முனையைப் பார்ப்பவர் நிறுத்துவார். செட்டரோடு நிற்கும் அந்த மூன்று செட்டிங்குகளில் ஆபரேட்டர் பழக வேண்டிய முதல் வழக்கம் இது.

லேத்திலிருந்து வருபவருக்கு இன்னொரு குழி காத்திருக்கிறது. லேத்தில் X ஆஃப்செட் விட்டத்தில் போகும். ஷாஃப்ட் நான்கு சென்ட் பெரிதாக வந்தால் 0.04 குறைப்பார், விட்டம் 0.04 குறையும், சரியாகிவிடும். வி.எம்.சி.யில் மில்லிங் கட்டரைச் சுற்றவிட்டு பேரிங் அமரும் துளையை எடுக்கும்போது திருத்துவது D ஆஃப்செட்டை. அதைப் பெரும்பாலான ஷாப்களில் ஆரத்தில் கொடுப்பார்கள். துளை நான்கு சென்ட் சிறிதாக இருக்கிறது என்று லேத் பழக்கத்தில் 0.04 திருத்தினால், ஒவ்வொரு பக்கமும் நான்கு சென்ட் வெட்டி, விட்டம் எட்டு சென்ட் கூடி, துளை வேண்டிய அளவைவிட நான்கு சென்ட் பெரிதாகிவிடும். நான்கு சென்ட் சிறிதாக இருந்தபோது அந்தப் பிராக்கெட்டைக் காப்பாற்றியிருக்கலாம். நான்கு சென்ட் பெரிதான பிறகு பேரிங் அதில் பிடிக்காது, ஸ்கிராப்தான். திருத்த வேண்டியது 0.02. மூன்று வருட அனுபவமே எதிரியாக வரும் இடம் என்று இதைச் சொல்லலாம். 'தெரியாது' என்று எழுதிவிட்டு வந்தவர் இங்கே ஒரு வார்த்தை கேட்பார்.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக் கூடியவை, சொல்லிக்கொடுக்கக் கூடியவை. ஆனாலும் ஏன் ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை? கன்ட்ரோல் பேனலில் ஒரு சிறிய சாவித் துளை உண்டு. அந்தச் சாவியைத் திருப்பினால்தான் புரோகிராமைத் திருத்த முடியும். யாரும் தெரியாமல் கைவைத்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. பல ஷாப்களில் அந்தச் சாவி செட்டரின் சட்டைப் பையில் இருக்கிறது. கூடவே ஒரு கைக்கடக்கமான நோட்டும் இருக்கிறது. எந்த ஜாப்புக்கு எந்த டூல், எவ்வளவு வெளியே நீட்டிப் பிடிப்பது, எந்த இடத்தில் ஃபீடைக் குறைப்பது என்பதெல்லாம் அதில்தான். அவர் ஊருக்குப் போனால் நோட்டும் போய்விடும். செட்டிங் ஷீட் என்று ஃபைலில் ஒன்று இருக்கும், அதில் ஜாப்பின் பெயரும் தேதியும்தான் சரியாக இருக்கும்.

செட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரும் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கி, ஒளிந்து பார்த்துக் கற்றவர். அந்த நோட்டுதான் அவருக்கு வேலை உத்தரவாதம். தான் கற்றுக்கொடுத்த பையன் குறைந்த சம்பளத்தில் தன் இடத்துக்கு வந்துவிடுவான் என்ற பயம் அவருக்கு நியாயமானது. கவலை எதுவென்றால், இப்படியே போனால் ஒவ்வொரு ஷாப்பிலும் ஒரு செட்டரும், அவருக்குக் கீழே பட்டன் அழுத்தும் இருபது பேரும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஸ்பிண்டிலின் சத்தத்தை வைத்தே இன்செர்ட் முடிந்துவிட்டது என்று சொன்ன பழைய சென்டர் லேத் டர்னர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களுக்குத் திரையில் சிவப்பு எழுத்தில் அலாரம் வந்தால்தான் ஏதோ தவறு என்று தெரிகிறது. சில இடங்களில் ஸ்கில் மேட்ரிக்ஸும் இதை மூடி மறைக்கவே உதவுகிறது. ஆடிட்டுக்கு முந்தைய வாரம் கால் வட்டங்கள் அரை வட்டங்களாகின்றன, மெஷின் பக்கமே போகாதவர் பெயருக்கு நேராகவும் மை ஏறுகிறது.

பயிற்சி கொடுத்ததும் ஆள் அடுத்த தெருவில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று போய்விடுகிறான் என்பது முதலாளிகள் பக்கத்து நியாயம். நடப்பதுதான். ஆனால் பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்தாலும் அதே ஆள் போகத்தான் செய்கிறான்.

ஆகவே இந்த ஏற்பாட்டில் செட்டருக்கும் ஒரு இடம் வேண்டும். சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்த கையோடு செட்டரைக் கூப்பிட்டு, 'இவருக்குச் சொல்லிக் கொடுத்தால் உனக்கு ஒரு தொகை' என்று சொல்லி, அதை மேலே பேசி வாங்கித் தராவிட்டால், ஆபரேட்டர் மூன்று செட்டிங்குக்கும் கூட நின்றாலும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத்தான் பழகுவார். நோட்டில் உள்ளது செட்டிங் ஷீட்டுக்கு ஏறும் வேலையையும் இதோடு சேர்த்துவிடலாம். பழகுபவர் முதல் செட்டிங்கில் எழுதிக்கொள்வதாகக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு டூலின் எண், நீளம், ஹோல்டரிலிருந்து வெளியே நீட்டிய அளவு, ஜாப் ஜீரோ எடுத்த முகம் என்று அவர் எழுதியதைச் செட்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால், ஷாப்புக்கு உண்மையான செட்டிங் ஷீட் ஒன்று கிடைத்துவிடும்.

பதிலையும் எழுத்தில் கொடுப்பதே முறை. அதில் எந்த மெஷின், எந்த வாரம், எந்தச் செட்டர் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இப்போது முடியாது என்றால் எப்போது மறுபடி கேட்கலாம் என்று ஒரு தேதியாவது இருக்க வேண்டும். ஆபரேட்டர் கடிதத்தின் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சம்பளப் பேச்சை மூன்றாவது செட்டிங்கின் முதல் பீஸ் ஓகே ஆன பிறகு, தனிக் கடிதமாக எடுக்க வேண்டும்.